ஜிம்மில் சேரும் முன் திங்கட்கிழமை இரவு ஏழரைக்குப் போய்ப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை என் மனைவியின் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "மாமா, சிறுநீர் கோப்பி-ஓ மாதிரி போகுது. பயமா இருக்கு" என்றான். அவனுக்கு 27 வயது. கடைசியாக ஓடியாடியது இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது. அந்தத் திங்கட்கிழமைதான் ஜோகூர் பாருவில் ஒரு ஜிம்முக்கு 'இலவச அறிமுகப் பயிற்சி'க்குப் போயிருந்தான். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுவது, குதிப்பது, மறுபடியும் உட்கார்ந்து எழுவது. வாந்தி வந்தபோது பயிற்றுநர் சிரித்துக்கொண்டே "அது நல்ல அறிகுறி, ப்ரோ" என்றாராம்.

நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். கடும் வேலை பழகாத தசை அளவுக்கு மீறி உழைக்கும்போது சிதைந்து, அதன் உள்ளிருக்கும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதுதான் சிறுநீரை அந்த நிறத்துக்கு மாற்றுகிறது. அதிகமானால் சிறுநீரகத்தையே கெடுக்கும். மருத்துவர்கள் இதை 'ரேப்டோமயோலிசிஸ்' என்கிறார்கள். நரம்பு வழியாக நீர் ஏற்றி, தினமும் இரத்தம் சோதித்து, அவனை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

புதிதாகப் பயிற்சி செய்த எவருக்கும் ஓரிரு நாள் கழித்து உடம்பு வலிக்கத்தான் செய்யும். மாடிப்படி இறங்கும்போது தொடை முணுமுணுக்கும், நான்காம் நாள் சரியாகிவிடும். அந்த வலிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தசை வீங்கி, கை கால் மடக்க முடியாமல், சிறுநீரும் கருத்துப் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. என் மச்சான் ஒரு நாள் அப்படித்தான் காத்திருந்தான்.

வேடிக்கை என்னவென்றால், நானும் அப்போதுதான் ஜிம்மில் சேரலாமென்று இருந்தேன். எனக்கு 41 வயது, இடுப்பு 98 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் நம் நாட்டு மருத்துவர்கள் சொல்லும் எல்லை. மச்சானுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று ஜிம்களுக்குப் போனேன். வாடிக்கையாளராகப் போகவில்லை, வீடு வாங்குகிறவன் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்கப் போவதுபோலப் போனேன்.

முதலில் பார்த்தது கூட்டம். விளம்பரப் படத்தில் இருக்கும் ஜிம் எப்போதும் காலி. காலை பதினொரு மணிக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினால் எல்லா ஜிம்மும் நல்ல ஜிம்தான். நான் திங்கட்கிழமை இரவு ஏழரைக்குப் போனேன். உள்ளூரில் வேலை முடித்தவர்கள் வந்து முடித்துப் போவதற்குள், சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் பாலம் கடந்து வந்து சேரும் நேரம் அது. ஒரு ஜிம்மில் தூக்குக் கம்பி வைக்கும் இரும்புச் சட்டம் இரண்டே இரண்டு, அவற்றைச் சுற்றி ஏழு பேர். ஒருவர் பதினைந்து நிமிடம் எடுத்தாலும், கடைசி ஆள் கையை வைக்க முக்கால் மணி நேரமாகும். அந்த ஆள் என்ன செய்வார்? காத்திருக்க மாட்டார். காலியாக இருக்கும் ஏதோ ஒரு இயந்திரத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். மாதக் கட்டணம் மட்டும் தவறாமல் போகும். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து நான் போகும் ஜிம்மில் சனிக்கிழமை காலையும் சந்தைதான்.

கூட்டம் பாதுகாப்போடும் ஒட்டிய விஷயம். மார்புக்கு மேல் பளு தூக்கும் பலகையின் இருபுறமும் கம்பியைத் தாங்கும் குறுக்குக் கை இருக்கிறதா, அது உங்கள் மார்பு உயரத்துக்குச் சரிசெய்யப்படுகிறதா என்று பாருங்கள். கை தளர்ந்தால் கம்பி கழுத்தில் விழாமல் நிறுத்துவது அதுதான். நெரிசலில் அதைச் சரிசெய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஓட்ட இயந்திரத்தின் சிவப்புக் கயிறு இருக்கிறதா, இதயம் நின்றால் பயன்படுத்தும் மின்னதிர்ச்சிக் கருவி எங்கே இருக்கிறது என்றும் கேட்டேன். இரண்டு இடத்தில் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில் எழுந்துபோய்க் காட்டினார்.

பயிற்றுநரை நான் சோதித்தது ஒரே ஒரு விஷயத்தில். முதல் பத்து நிமிடத்தில் அவர் என்னைக் கேள்வி கேட்கிறாரா? நெஞ்சு வலி, தலைசுற்றல், இரத்த அழுத்தம், மூட்டு, சாப்பிடும் மருந்து, கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது. இதற்கென்று உலகம் முழுவதும் பயன்படும் கேள்வித்தாள் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லாமல் "வாங்கண்ணே, ஆரம்பிக்கலாம்" என்றவரிடம் நான் ஆரம்பிக்கவில்லை. மூன்றாவது ஜிம்மில் இருந்தவர் கேட்டார். முதல் நாள் எட்டு கிலோ பளுவை மார்போடு அணைத்து, பத்து முறை வீதம் இரண்டு சுற்று உட்கார்ந்து எழச் சொன்னார். "இவ்வளவுதானா?" என்றேன். "அடுத்த வாரம் வரணும்ல அண்ணே" என்றார். அங்கேயே சேர்ந்தேன்.

இனி பலன். சேர்ந்த அன்று உடல் கொழுப்பை அளக்கும் இயந்திரத்தில் நிறுத்தி ஒரு தாள் கொடுத்தார்கள். கால் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் அனுப்பி, உடம்பில் இருக்கும் நீரைக் கொண்டு தசையையும் கொழுப்பையும் கணக்குப் போடும் கருவி அது. குடித்த தண்ணீர், சாப்பிட்ட சாப்பாடு, வியர்வை எல்லாமே கணக்கை மாற்றும். இரண்டு வாரத்தில் தசை ஒன்றரை கிலோ கூடிவிட்டதாக இரண்டாம் தாள் சொன்னது. அது தசை இல்லை. முதல் தடவை வேலை முடித்து வியர்த்து வந்து நின்றேன், இரண்டாம் தடவை நாசி லெமாக்கும் இரண்டு குவளை தண்ணீரும் உள்ளே போன பிறகு நின்றேன். அந்தத் தாளைக் காட்டி "பார்த்தீங்களா, இன்னொரு தொகுப்பு எடுங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான் நம்பியது இரண்டு. ஞாயிறு காலை, சாப்பிடும் முன், தொப்புளுக்கு நேராக அளவு நாடா. பிறகு நோட்டில் எழுதிய பளு. எட்டு வாரத்தில் எட்டு கிலோ பதினெட்டு ஆனது, இடுப்பு 98-லிருந்து 95. எடை குறைந்தது ஒரு கிலோ மட்டுமே. தராசு மட்டும் பார்த்திருந்தால் விட்டுவிட்டிருப்பேன்.

பிறகுதான் சிக்கல் வந்தது. நான் தனிப் பயிற்சிக்கு 24 வகுப்பு எடுத்திருந்தேன். ஒன்றுக்கு 110 வெள்ளி, மொத்தம் 2,640 வெள்ளி முன்பணம். எட்டு வகுப்பு முடிந்ததும் அந்தப் பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்த இளைஞர் என் நோட்டைப் பார்க்கவே இல்லை. எனக்கும் பக்கத்தில் இருந்த அறுபது வயது அங்கிளுக்கும் ஒரே பயிற்சி, ஒரே பளு. மூன்றாம் நிமிடத்திலிருந்து அவர் கண் கைப்பேசியில். மீதிப் பணத்தைக் கேட்டேன். மேலாளர் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பி, "எந்த நிலையிலும் பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியில் விரல் வைத்தார். என் கையெழுத்து அதன் கீழேயே இருந்தது. சேரும்போது அந்த வரியை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஜிம், துணைப்பாட வகுப்பு, அழகு நிலையத் தொகுப்பு போன்று இனி வரும் நாள்களில் தொடர்ந்து தரப்போகும் சேவைக்கு நீங்கள் ஒப்பந்தம் செய்தால், அதை இடையில் ரத்து செய்யலாம். அப்போது நிறுவனம் உங்களிடம் எடுத்துக்கொள்ளக் கூடியது மூன்று தொகைகள்தான்: முழு ஒப்பந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு, நீங்கள் வைத்துக்கொண்ட பொருள் ஏதாவது இருந்தால் அதன் விலை, பயன்படுத்திய சேவைக்கு உரிய பங்கு. இதற்கு எதிராக ஒப்பந்தத்தில் எழுதி வைத்துச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது.

என் கணக்கு இப்படி. 2,640-இல் ஐந்து விழுக்காடு 132 வெள்ளி. முடிந்த எட்டு வகுப்புக்கு 880 வெள்ளி. பொருள் எதுவும் வாங்கவில்லை. ஆக அவர்களுக்கு 1,012, எனக்கு 1,628 வெள்ளி. இதை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்பினேன். கட்டணம் 5 வெள்ளி. அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞரை வைக்கத் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீது, வகுப்புக்குக் கையெழுத்திட்ட அட்டை, நான் கொடுத்த கடிதம் ஆகிய நான்கையும் இணைத்தேன். விசாரணைத் தேதி வரும் முன்னே மேலாளர் அழைத்தார். குரல் இப்போது மிக மரியாதையாக இருந்தது. 1,628 வெள்ளி என் கணக்கில் வந்தது.

இந்தச் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. நிறுவனமே மூடிக்கொண்டால், உரிமை இருக்கும், பணம் இருக்காது. 2016 ஜூலையில் சிங்கப்பூரில் கலிபோர்னியா ஃபிட்னஸ் மூடியபோது, ஆயுள் சந்தா கட்டியவர்கள்கூட பூட்டிய கதவின் முன் நின்றார்கள். 2017 ஜூனில் மலேசியாவில் ட்ரூ ஃபிட்னஸ் திடீரென மூடியது. அதனால்தான் உறுப்பினர் கட்டணத்தை நான் மாதாமாதம் மட்டும் கட்டுகிறேன். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இருபது விழுக்காடு தள்ளுபடி என்று இன்னும் வாட்ஸ்அப் வந்துகொண்டிருக்கிறது.

மூன்று ஜிம்மிலும் ஒரே வேண்டுகோள் வைத்தேன்: ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளை வரட்டுமா? முதல் இடத்தில், "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் அண்ணே" என்று பேனாவை நீட்டினார்கள். இரண்டாம் இடத்தில் கொடுக்கவே முடியாது என்றார்கள். மூன்றாம் இடத்தில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்த நகலை நான்காம் பக்கம் வரை படிக்காதது என் சோம்பேறித்தனம்.

மச்சான் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி பயிற்சிக்கு வந்தான், என்னோடு. முதல் நாள் எட்டு கிலோ, இரண்டு சுற்று. "இவ்வளவுதானா மாமா?" என்றான். நோட்டை அவன் பக்கம் தள்ளி, தேதியை எழுதச் சொன்னேன்.