மிக்ஸி கையேட்டின் கடைசிப் பக்கம்

மிக்ஸி வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வரும். அதன் கடைசிப் பக்கத்தில், மிக்ஸியை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பாகமாகக் கழற்றி அந்தரத்தில் நிறுத்தியதுபோல ஒரு படம் இருக்கும். பக்கத்தில் எண்கள், அதற்கு எதிரே ஒரு பட்டியல். ஜார் ஒழுகத் தொடங்கும் நாளில் இந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரும். புத்தகம் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அதே மாடல் வைத்திருக்கும் உறவினர் யாராவது செல்போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். இப்போது நாம் பார்க்கப்போவது அப்படி வந்த ஒரு படத்தைத்தான். மூன்று ஜார், 750 வாட் மோட்டார் உள்ள வழக்கமான மாடல். பிரச்சினையும் வழக்கமானதே: சட்னி அரைத்தால் ஜாரின் அடியில் கறுப்பாக நீர் கசிகிறது.

படத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடு ஓடுகிறது. முதலில் கண்ணில் பட வேண்டியது அதுதான். பூ கட்டும் நாரில் பூக்கள் வரிசையாக இருப்பதுபோல, ஒரே அச்சில் சேரும் பாகங்கள் எல்லாம் அந்தக் கோட்டில் கோர்க்கப்பட்டிருக்கும். கோட்டில் எது எதற்கு மேலே இருக்கிறதோ, மிக்ஸிக்குள்ளும் அது அதற்கு மேலேதான் இருக்கும். கோட்டை விட்டுப் பக்கவாட்டில் தள்ளி வரைந்தவை (சுவிட்ச், ஒயர், கால் ரப்பர் போன்றவை) சுழலும் வரிசையைச் சேராதவை. ஜார் ஒழுகுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

நம் படத்தில் மேலிருந்து வருவோம். 1 என்பது மூடியின் நடுவில் இருக்கும் சின்ன மூடி. 2 ஜார் மூடி. 3 மூடியின் ரப்பர் ரிங். 4 ஸ்டீல் ஜார். 5 பிளேடு, அதோடு சேர்ந்த தண்டு. 6 வாஷர். 7 ஆயில் சீல். 8 புஷ். 9 சர்க்ளிப் என்ற சின்ன லாக். 10 ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர். 11-ல் தொடங்கி மோட்டார் பக்கம்.

செல்போன் படத்தில் சிக்கல் வரும் இடமே 6, 8, 9. மூன்றும் வட்டத்துக்குள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். சாய்வாகப் படம் எடுத்தாலோ ஃபிளாஷ் பளிச்சென்று விழுந்தாலோ மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். எண்ணை மட்டும் பார்த்துக் கடையில் கேட்டால் வாஷருக்குப் பதில் லாக் வரும். எண் மங்கியிருந்தால் அதிலிருந்து கிளம்பும் கோடு எந்த உருவத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். வாஷர் முழு வளையம். சர்க்ளிப் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வளையம். புஷ் நீளமான குட்டிக் குழாய். இந்த மூன்றின் உருவமும் எவ்வளவு மங்கினாலும் குழம்பாது.

பட்டியலில் பலர் பார்க்காமல் விடுவது எண்ணிக்கைக் கட்டத்தை. நம் படத்தில் 6-க்கு எதிரே '2' என்று போட்டிருக்கிறது. அதாவது வாஷர் இரண்டு. ஒன்று பிளேடுக்குக் கீழே, சீலுக்கு மேலே. மற்றொன்று ஜாரின் அடிப்பக்கம், புஷ்ஷுக்கும் லாக்குக்கும் இடையில். இரண்டும் ஒரே அளவு என்பதால் ஒரே எண். வீட்டில் பிரித்துச் சேர்த்த ஜார் மறுபடி ஒழுகுகிறதென்றால், அல்லது பிளேடு மேலும் கீழும் தடதடவென்று ஆடுகிறதென்றால், அடி வாஷர் விட்டுப் போயிருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இனி கறுப்பு நீர். பிளேடின் தண்டு ஜாரின் அடியில் உள்ள ஓட்டை வழியாகக் கீழே இறங்கிக் கப்ளரைச் சேர வேண்டும். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் தண்டு நேராக நிற்கும்படி பிடித்துக்கொள்வது புஷ். தண்டைச் சுற்றிச் சட்னி கீழே இறங்காமல் தடுப்பது ஆயில் சீல். பெரும்பாலான புஷ்கள் பொடி உலோகத்தை அழுத்திச் செய்தவை. அவற்றின் நுண்ணிய துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஜாரை இரவு முழுக்க ஊறவைத்தால் அந்த எண்ணெய் போய்விடும். பிறகு தண்டு வறட்டு உலோகத்தில் உராயும், புஷ் தேயும், தண்டு பக்கவாட்டில் ஆடும், ஆடும் தண்டு சீலின் உதட்டைக் கிழிக்கும். கசிவோடு வரும் கறுப்பு நிறம் தேய்ந்த உலோகமும் பழைய எண்ணெயும் கலந்தது. ஆகவே சீலை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும்.

எது போயிருக்கிறது என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். ஜாரை மிக்ஸியிலிருந்து எடுத்துவிட்டு, தடித்த துணியால் பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஆட்டமே இல்லாமல் ஒழுகினால் சீல் மட்டும். மேலும் கீழும் மயிரிழை அளவு அசைவது இயல்பு. விரலால் சுண்டிவிட்டால் பிளேடு தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகி நின்றால் உள்ளே மசாலா காய்ந்து ஒட்டியிருக்கும், அல்லது முன்பு யாரோ தவறான தடிமனில் வாஷர் போட்டிருப்பார்கள்.

பிரிப்பது கப்ளரில் தொடங்குகிறது. படம் மௌனமாக இருக்கும் இடமும் இதுதான். திருகு வலப்பக்கமா இடப்பக்கமா என்று படத்தில் இருக்காது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஓடும்போது தானாகக் கழன்று விடாதபடிதான் மரையை வெட்டியிருப்பார்கள். பிளேடின் கூரான விளிம்பு எந்தப் பக்கம் முன்னே போகும் என்று பாருங்கள். அதுதான் மோட்டார் சுற்றும் திசை. மேலிருந்து பார்க்கையில் அது கடிகார முள் திசை என்றால், மோட்டாரின் மேல் உள்ள கப்ளரை மேலிருந்து பார்த்துக் கடிகார முள் திசையில் திருகினால் கழலும். ஜாரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் கப்ளரை உங்கள் கண்ணுக்கு நேராக வைத்தால் அதையும் கடிகார முள் திசையில்தான் திருக வேண்டும். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும் மாடலில் இரண்டுமே சாதாரண திருகுபோல எதிர்ப் பக்கம் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு இறுக்கித்தான் பலரும் கப்ளரின் பல்லை உடைக்கிறார்கள். சில மாடல்களில் ஜார் கப்ளருக்கு மரையே இல்லை, அழுத்திச் செருகியோ ரிவெட் அடித்தோ இருக்கும். அப்படி இருந்தால் கை வைக்காமல் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

கப்ளர் வந்ததும் லாக்கை நுனி மெலிந்த குறடால் விரித்து எடுங்கள். அது துள்ளித் தெறிக்கும். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடி வாஷரை எடுத்தபின் ஜாரை நிமிர்த்தி பிளேடை மேல்பக்கமாக இழுத்தால் தண்டோடு வந்துவிடும். படத்தில் தனித்தனியாக மிதக்கும் புஷ்ஷும் சீலும் மட்டும் தானாக வராது. அவை அழுத்தி இறக்கப்பட்டவை. புஷ்ஷை நேராக இறக்க ஒரு சின்ன பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்தால் கோணலாகும், கோணலான புஷ் புதிதாக இருந்தும் ஆடும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மிக்ஸி சர்வீஸ் செய்பவரிடம் போவதில் வெட்கமில்லை.

சேர்க்கும் வரிசை, படத்தில் கீழிருந்து மேலாகவும் இல்லை, மேலிருந்து கீழாகவும் இல்லை. ஜாரின் அடித்தட்டுதான் நடு. அதில் முதலில் புஷ் இறங்கும். அதன் மேல் சீல். சீலில் ஒரு பக்கம் பள்ளமும் மெல்லிய ஸ்பிரிங்கும் தெரியும். அந்தப் பக்கம் சட்னி இருக்கும் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் புதுச் சீலும் முதல் நாளே ஒழுகும். அடுத்து பிளேடின் தண்டில் ஒரு வாஷரைக் கோர்த்து, தண்டில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மேலிருந்து இறக்குங்கள். மெஷின் ஆயில் வேண்டாம், அது உணவில் கலக்கும். ஜாரைக் கவிழ்த்து இரண்டாவது வாஷர், அதன் மேல் லாக். தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் லாக் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். கடைசியில் கப்ளர்.

பிளேடைச் சுண்டிப் பார்த்துவிட்டு, ஜாரில் பாதியளவு தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி மறுபடி தாளில் வையுங்கள். நிற்கும்போது ஒழுகாமல் ஓடியபின் ஈரம் பட்டால், சீல் சரி, தண்டு இன்னும் ஆடுகிறது என்று பொருள்.

படத்தின் கீழ்ப்பாதியில் மோட்டார் கப்ளரும் அதன் அடியில் ஒரு வாஷரும் உண்டு. மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாமல் கடகடவென்று சத்தம் வந்தால், அல்லது ஜார் உட்காரும் இடத்தில் கறுப்பு ரப்பர் தூள் கிடந்தால் இந்தக் கப்ளரின் பல் தேய்ந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றலாம். பல மாடல்களில் மிக்ஸியைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மோட்டார் தண்டின் நுனி தெரியும். அதில் உள்ள வெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு மேலே திருகலாம். அடி வாஷரை விட்டுவிட்டால் கப்ளரின் உயரம் மாறி ஜார் சரியாகப் பொருந்தாது. அதற்குக் கீழே ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், இரண்டு கார்பன் பிரஷ். வாரன்டி இருக்கும்வரை அடித்தட்டைத் திறக்கவே வேண்டாம். மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் உள்ள சிவப்பு பட்டன்தான் பலமுறை காரணம். சுமை அதிகமானால் அது துண்டித்துவிடும். மோட்டார் ஆறியபின் அழுத்தினால் ஓடும்.

உங்களிடம் இன்னும் கையேடு இருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், புத்தகத்துக்கு நேர் மேலே போனைப் பிடித்து, எண்ணிக்கைக் கட்டமும் தெரியும்படி எடுங்கள். கூடவே மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும், மாடல் பெயரும் வாட்டும் போட்ட தகட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்த இரண்டு படங்களோடு பழைய பாகத்தையும் எடுத்துப் போங்கள். கப்ளரில் பல் எண்ணிக்கையும் வாஷரில் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறும், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி.