வெயில் சுட்டும் தண்ணீர் ஏன் சுடவில்லை?

மொட்டை மாடியில் தட்டைத் தகடு வகை சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வருடம் போனதும் ஒரே குறையைச் சொல்வார்கள்: “வெயில் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது.” போர்வெல் தண்ணீர் விடும் வீடு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தகட்டோடு ஒட்டியிருக்கும் செம்புக் குழாய்களின் உட்புறத்தைத்தான்.

கண்ணாடிக்குள் இருக்கும் கறுப்புத் தகடு வெயிலை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. மீதி கண்ணாடி வழியாகவும் அடிப்பக்கம் வழியாகவும் வெளியேறுகிறது. தகட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் ஏற ஏற ஒழுக்கு வேகமாவது போலத்தான் இதுவும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தகட்டின் பரப்பு 2 சதுர மீட்டர், தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர், சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில், வெளிக்காற்று 30 டிகிரி. நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹீட்டரில் 30 டிகிரி தண்ணீர் நுழையும்போது சுமார் 1,120 வாட் வெப்பம் தண்ணீரில் சேரும். திறன் 70 சதவீதம். அதே தண்ணீர் 60 டிகிரியாகித் திரும்ப நுழையும்போது 820 வாட்தான் சேரும். திறன் 51 சதவீதம். வெயில் குறையவில்லை, ஒழுக்குதான் கூடியிருக்கிறது. இந்த வெயிலில் தொட்டி முழுக்க 60 டிகிரியாக ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும்.

தகடு முழுவதும் நுழையும் தண்ணீரின் அதே சூட்டில் இருந்தால் இழப்பு மிகக் குறைவாக இருக்கும். அப்போது கிடைக்கக்கூடிய வெப்பத்தில் எத்தனை பங்கு நிஜமாகக் கிடைக்கிறது என்பதே வெப்ப நீக்கக் காரணி. புதிய ஹீட்டரில் இது 0.9-ஐ ஒட்டி இருக்கும். குழாய்க்குள் உப்புப் படிந்தால் தகட்டின் சூடு தண்ணீருக்கு எளிதில் இறங்காது. குழாயின் துவாரம் சுருங்குவதால் ஓட்டமும் மந்தமாகும். தகடு அதிகம் சூடாகி, அந்தச் சூட்டைக் காற்றுக்கே கொடுத்துவிடும். காரணி கால் பங்கு குறைந்தால் மேலே சொன்ன மூன்றரை மணி நேரம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமாகிவிடும். மாலைக்குள் தொட்டி சூடேறாததற்கு இதுவே காரணம்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் மெதுவாக ஓடினால் வெளியே வரும் குழாய் முன்பைவிட அதிகமாகவே சுடலாம். அதைத் தொட்டுப் பார்த்து ‘ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரே ஓடாமல் நின்றுபோனால், இந்தக் கணக்குப்படி தகடு 140 டிகிரியைத் தாண்டும், பயன் எதுவும் இருக்காது. உப்புப் படிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உச்ச வெப்பநிலை மாறாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது வெயிலும் இழப்பும் மட்டுமே. ஆகவே தகடு சூடாக இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. சாயங்காலம் தொட்டித் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். நல்ல வெயில் நாளில், பகலில் தண்ணீர் எடுக்காமல் இருந்தும் அது குறைவாக இருந்து, நண்பகலில் கண்ணாடி வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டால், குழாய்க்குள் உப்பு நீக்க ஆளைக் கூப்பிடலாம்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் புதிதாக வாங்குபவர்கள், குளிக்கும் தண்ணீர் தகட்டுக் குழாய்க்குள் போகாத, வெப்பப் பரிமாற்றி வைத்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் வெப்பம் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், விலையும் கூடுதல். ஆனால் தகட்டுக் குழாய்களில் உப்பு அடைக்காது.