பெயர் மாறினாலும் பழைய பக்கம் ஓட வேண்டும்

இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் மெல்ல விரிந்து முடிந்ததும், உலாவி அதை ஒரு பெயர் சொல்லிப் பக்கத்தின் நிரலுக்கு அறிவிக்கிறது. சஃபாரி உலாவியின் அடித்தளமான வெப்கிட்டில் முதலில் அந்தப் பெயர் `webkitTransitionEnd`. பின்னர் எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக `transitionend` என்ற பெயர் வந்தது. பழைய பெயரைச் சட்டென்று நிறுத்தியிருந்தால், அதையே கேட்டுக்கொண்டிருந்த பக்கங்கள் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் செயலிழந்திருக்கும். யாரும் அறிவிக்காத பெயருக்காகக் காத்திருப்பது கணினியின் கண்ணில் தவறே அல்ல.

இரண்டு பெயரிலும் அறிவித்துவிட்டால் போதாதா? எதற்கும் இருக்கட்டும் என்று பல பக்கங்கள் இரண்டு பெயரையும் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தன. அங்கெல்லாம் ஒரே வேலை இருமுறை நடந்துவிடும்.

ஆகவே உலாவிகளுக்கான டாம் தரநிலை வேறு வழியை எடுத்தது. உலாவி முதலில் புதிய பெயரில் அறிவிக்கும். பக்கத்தின் அந்த உறுப்பில் புதிய பெயரைக் கேட்பவர் ஒருவரும் இல்லை என்றால் மட்டுமே, பழைய பெயரில் மறுபடி அழைக்கும். இரண்டையும் கேட்கும் பக்கத்துக்கும் ஒரே அழைப்புதான் போகும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே உறுப்பில் பழைய நூலகம் ஒன்று பழைய பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். வேறொருவர் அங்கே புதிய பெயரைக் கேட்கும் நிரலைச் சேர்த்தால், அந்த நொடியே நூலகத்துக்கு அழைப்பு நின்றுவிடும். நூலகத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது; அதனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் நிலைமை வேறு. ஆர்டர் பதிவானதும் ரசீது, இருப்பு, குறுஞ்செய்தி என்று தனித்தனிப் பகுதிகள் அதைக் கேட்கும். ஒன்று புதிய பெயருக்கு மாறியதால் மற்றவை ஊமையாகிவிடக் கூடாது. இங்கே இரண்டு பெயரிலும் அறிவிப்பதே சரி. நோட்.ஜேஎஸ்ஸில் அது இப்படி இருக்கும்:

```js
shop.emit('orderPlaced', order);
if (shop.emit('order_created', order)) {
  console.warn('order_created இன்னும் பயனில் உள்ளது');
}
```

கேட்பவர் இருந்தால் `emit` உண்மை என்று விடை தரும். அதனால் பழைய பெயரை நம்பி யாராவது இருக்கும்வரை எச்சரிக்கை பதிவாகும். அறிவிக்கும் பகுதியை முதலில் மாற்றி வெளியிட வேண்டும். பிறகு கேட்கும் பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒரு பகுதியில் புதிய பெயரைச் சேர்ப்பதும் பழையதை நீக்குவதும் ஒரே திருத்தத்தில் நடக்க வேண்டும். இடையில் இரண்டும் சேர்ந்து இருந்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு ரசீது போகும்.

எச்சரிக்கை ஒரு வாரம் வரவில்லை என்பதற்காகப் பழைய வரியை நீக்கிவிடக் கூடாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு நிரல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த ஓட்டமும் எச்சரிக்கையின்றி முடிந்த பிறகே பழைய பெயரை எடுக்கலாம்.