ஒரே எம்பி, இரண்டு கணக்கு

கோவையில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் புதிதாக ஃபைபர் இணைப்பு போட்டிருந்தார். மாதத் திட்டத்தில் 100 Mbps என்று அச்சிட்டிருந்தது. மூன்றாம் நாளே லைன்மேனுக்குப் போன் போனது.

"ஏனுங்க தம்பி, நூறு எம்பின்னு சொல்லித்தானே மாட்டுனீங்க? இங்க பதினொண்ணுதான் காட்டுது."

"அது எம்பிபிஎஸ்ங்க சார். நீங்க பாக்கறது எம்பிங்க."

"ரெண்டும் எம்பிதானுங்களே?"

பேச்சு வழக்கில் இரண்டும் எம்பிதான், அதில் அவர் மேல் பிழை இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதாவது சின்ன b, பெரிய B என்று ஒரு வித்தியாசம் இருக்கிறது. சின்ன b என்றால் பிட், பெரிய B என்றால் பைட். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. 'எம்பி' என்று எழுதிய கணமே அந்த ஒரே அடையாளமும் அழிந்துபோகிறது. அழிவது சின்ன விஷயமும் அல்ல. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். வேகத்தை விற்கும் நிறுவனம் பிட்டில் சொல்கிறது, கோப்பின் அளவைக் கணினி பைட்டில் சொல்கிறது. எனவே 100 Mbps என்பது, ஒரு பொட்டு சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தாலும், விநாடிக்கு பன்னிரண்டரை மெகாபைட்தான்.

பிட் என்பது ஒற்றைக் குறி: ஒன்று அல்லது பூஜ்யம். அந்தச் சொல் 1948-இல் வெளியான கிளாட் ஷானனின் கட்டுரையில் வருகிறது. அதைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று அங்கேயே எழுதியிருக்கிறார். பைட் என்ற சொல்லை 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தின் வெர்னர் புக்கோல்ஸ் உருவாக்கினார். அது ஓர் எழுத்தைக் குறிக்கப் போதுமான பிட்டுகளின் கட்டு. அந்தக் காலத்தில் அந்தக் கட்டின் அளவு கணினிக்குக் கணினி மாறியது. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்குப் பிறகே எட்டு என்பது ஊன்றிப்போனது. தமிழ் எழுத்துக்கு ஒரு பைட் போதாது என்பது வேறு கதை. இன்று இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்று எழுத 15 பைட், அதாவது 120 பிட் வேண்டும்.

கம்பிக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியாது. அதில் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. விநாடிக்கு எத்தனை குறி என்று எண்ணுவதுதான் தந்தித் துறைக்காரர்களுக்கும் மோடம் செய்தவர்களுக்கும் இயல்பாக இருந்தது, இன்றைய இணைய நிறுவனங்களும் அந்த வழக்கத்தையே தொடர்கின்றன. பிட்டில் சொன்னால் எண் எட்டு மடங்கு பெரிதாகத் தெரிவதில் அவர்களுக்கு வருத்தம் இருக்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்கைக் கையில் போட்டுப் பார்ப்போம். வங்கி அலுவலரின் பேரன் ஒரு விளையாட்டை இறக்க வேண்டும், அளவு 4.5 ஜிபி, அதாவது 4,500 மெகாபைட். இணைப்பு 100 Mbps. நூறை எட்டால் வகுத்தால் 12.5. 4,500-ஐ 12.5-ஆல் வகுத்தால் 360 விநாடி, சரியாக ஆறு நிமிடம். ஆனால் ஆறு நிமிடத்தில் முடியாது. ஏழு, ஏழரை ஆகும். அதனால் இதில் பழக்கப்பட்டவர்கள் எட்டை விட்டுவிட்டுப் பத்தால் வகுக்கிறார்கள். நூறைப் பத்தால் வகுத்தால் பத்து, 4,500-ஐ அந்தப் பத்தால் வகுத்தால் 450 விநாடி, ஏழரை நிமிடம். மனக்கணக்குக்கும் சுலபம், நடப்புக்கும் நெருக்கம்.

இந்தப் பத்து ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் கால் பங்கு கூடுதல் எங்கே கரைகிறது என்று பார்த்தால், மூன்று இடங்களில் கரைகிறது.

முதலாவது, உறைக்கூலி. கோப்பு ஒரே பிழம்பாக வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது துண்டு என்ற விலாசம் ஒட்டப்படுகிறது. வீட்டு லேன் கம்பியில் சுமார் 1,540 பைட் இடத்தைப் பிடிக்கும் ஒரு துண்டில் உண்மையான சரக்கு 1,460 பைட்தான். இதிலேயே நூற்றுக்கு ஐந்து போய்விடுகிறது.

இரண்டாவது, ஆயிரமா, ஆயிரத்து இருபத்துநாலா என்ற பழைய வழக்கு. வேகத்தை அளப்பவர்கள் மெகா என்றால் பத்து லட்சம் என்கிறார்கள். விண்டோஸோ 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கி 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்கிறது. ஜிபி அளவுக்கு வரும்போது இந்த இடைவெளி நூற்றுக்கு ஏழுக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டும் கோப்பு, கம்பியின் கணக்கில் 4.8 ஜிபிக்கும் சற்று மேல். ஆப்பிள் தன் மேக் கணினிகளில் 2009-லிருந்து பத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. அதனால் ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு அளவு காட்டும்.

மூன்றாவதாக மிஞ்சும் பத்து சதவீதம் வைஃபை தடுமாற்றத்துக்கும் எதிர்முனை சர்வரின் மூச்சிரைப்புக்கும். இந்தப் பங்குக்குத்தான் உத்தரவாதம் இல்லை. சுவருக்கு அப்பால் படுக்கையறையில் உட்கார்ந்து இறக்கினால் பத்து போதாமல் இருபதால்கூட வகுக்க வேண்டி வரும்.

வீட்டில் மற்றவர்கள் பிடித்துக்கொள்ளும் பங்கை, வகுப்பதற்கு முன்பே கழித்துவிடுவது நல்லது. 40 Mbps இணைப்பில் அதே 4.5 ஜிபிக்கு 1,125 விநாடி, கிட்டத்தட்ட 19 நிமிடம். கூடத்தில் யாரோ 4கே தரத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு 15 Mbps போகும். மிச்சம் 25. கணக்கு 1,800 விநாடிக்கு, அரை மணி நேரத்துக்கு, எகிறிவிடும். பிரவுசர் '2 நிமிடம் பாக்கி' என்று காட்டிவிட்டு அடுத்த நொடி '11 நிமிடம்' என்று மாற்றுவதும் இதனால்தான். கடைசிச் சில விநாடிகளின் வேகம் அப்படியே நீடிக்கும் என்று நம்பி அது பெருக்கிக்கொண்டிருக்கிறது.

மொபைலிலும் இதே வகுத்தல்தான். தினசரி டேட்டா தீர்ந்தபின் வேகம் 64 Kbps-க்கு இறங்கும் என்று பல திட்டங்களில் எழுதியிருக்கும். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 8 கிலோபைட். சுருக்காமல் அசல் அளவிலேயே அனுப்பப்பட்ட 3 எம்பி புகைப்படம் ஒன்று வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'நெட் இருக்கு, ஆனா ஓடலை' என்று மக்கள் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இனி கோவை வீட்டுக்குத் திரும்பலாம். லைன்மேன் விளக்கிய பிறகு பெரியவர் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். உறைக்கூலி போக விநாடிக்கு 11.9 மெகாபைட் வர வேண்டும். 1,024 கணக்கில் காட்டினால் 11.3. திரையில் 11.2. பைசா சுத்தமாக இருந்தது. புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துப் பேரன் நச்சரித்ததால் திட்டத்தை 300 Mbps-க்கு உயர்த்தினார். அன்று மாலையே கணினியில் ஒரு கோப்பை இறக்கிப் பார்த்தார். அதே 11.2. இன்னொரு கோப்பு, 11.3. வேறொரு தளத்திலிருந்து இறக்கியும் 11.2-தான்.

இணைப்பு பொதுவாக மெதுவாக இருந்தால் எண் ஆடும். ஒன்பது, பதினான்கு, ஆறு என்று ஏறி இறங்கும். எந்தத் தளத்திலிருந்து இறக்கினாலும் ஆணி அடித்ததுபோல் 11-க்குச் சற்று மேலேயே எண் நின்றால், வழியில் எங்கோ 100 Mbps கதவு ஒன்று இருக்கிறது என்று பொருள். இந்த முறை அவர் போன் பண்ணும்போது குரலில் தயக்கம் இல்லை.

லைன்மேன் வந்தார். ரூட்டர் பக்கத்தில் நின்று தன் மொபைலில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பிடித்து வேகம் பார்த்தார்: 280 Mbps. ஆக, வெளியிலிருந்து வீட்டுக்குள் முழு வேகமும் வருகிறது. வைஃபையில் 280 வருகிறது, கம்பி போட்ட கணினியில் 90 சொச்சம்தான் வருகிறது என்றால் பழி கம்பியின் மேல். அடுத்து கணினியில் விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தார். அங்கே இப்படி இருந்தது:

```
Link speed (Receive/Transmit): 100/100 (Mbps)
```

1000/1000 என்று இருக்க வேண்டிய இடம். லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஆயிரத்தில் ஓட எட்டும் வேண்டும். நூறில் ஓட நான்கு போதும். எட்டில் ஒன்று அறுந்தாலோ, முனையில் உள்ள கிளிப்பில் சரியாகக் கடிபடாமல் போனாலோ, இரு முனைகளும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடக்கூடும். இணையம் நிற்காது, எச்சரிக்கையும் வராது. திட்டம் 100 Mbps ஆக இருந்தவரை இந்தக் குறை யார் கண்ணிலும் பட வழியே இல்லை. கம்பியின் வரம்பும் திட்டத்தின் வரம்பும் ஒன்றாக இருந்தன. முதல் புகாரின்போது சரியாக இருந்த அதே 11.2, இரண்டாவது புகாரில் தவறாகிப்போனது.

லைன்மேன் மேசைக்குப் பின்னாலிருந்து கேபிளை உருவினார். மேசைக் கால் ஏறி நசுங்கிய இடம் ஒன்று இருந்தது.

"எத்தனை நாளா சார் இது மேல மேசை நிக்குது?"

"பையன் பரீட்சைக்குப் படிக்கறப்ப இழுத்துப் போட்டதுங்க தம்பி. வருசம் ஒண்ணாச்சு."

பையிலிருந்து புது கேபிளை எடுத்து மாட்டினார். திரையில் 1000/1000 வந்தது. பேரன் அதே 4.5 ஜிபி விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்க ஆரம்பித்தான். பெரியவர் காகிதத்தை எடுத்தார்: முந்நூறைப் பத்தால் வகுத்தால் 30, 4,500-ஐ 30-ஆல் வகுத்தால் 150 விநாடி, இரண்டரை நிமிடம். எழுதி முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் எண் 33-க்கும் 34-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.