தேர் வருகிறது, எந்தப் பக்கம் திரும்புவது?

‘தேரோட்டத்தை முன்னிட்டு மாட வீதிகளில் போக்குவரத்து நிறுத்தப்படும். பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.’ இப்படி ஒட்டப்படும் அறிவிப்பைப் படித்துவிட்டு, டயாலிசிஸுக்குக் கிளம்புகிறவர் என்ன செய்வார்? எங்கிருந்து எதுவரை அடைப்பு, எப்போது திறக்கும், எந்தப் பக்கம் திரும்புவது என்ற மூன்றுமே அதில் இல்லை.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். ராயப்பேட்டையிலிருந்து மந்தைவெளிக்குப் போகிறவர் லஸ் முனை தாண்டி ஆர்.கே. மடம் சாலையில் நேராக இறங்குவது வழக்கம். குளத்தை ஒட்டிய அந்தச் சாலையில்தான் தேரும் வரும். ஆகவே, ‘லஸ் முனையில் வலப்பக்கம் லஸ் சர்ச் சாலையில் திரும்பி, டி'சில்வா சாலை, பக்தவத்சலம் சாலை வழியாகச் செல்லவும்’ என்று, வண்டி ஓட்டுகிறவர் திரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். தெருப்பெயர்களை மட்டும் அடுக்கினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. பாதையை முடிவு செய்வது போக்குவரத்துக் காவல்துறை. குடியிருப்போர் சங்கம் அதை எடுத்துச் சொல்லலாமே தவிர, தானாகத் தெருவை அடைக்க முடியாது. போன வருட அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி ஒட்டுவதும் ஆபத்து. மெட்ரோ பணி நடக்கும் ஊரில், சென்ற ஆண்டின் மாற்றுப்பாதை இந்த ஆண்டு தகரத் தடுப்பில் போய் முட்டலாம். ஒட்டுவதற்கு முன் ஒருவர் ஸ்கூட்டரில் அந்த வழியை ஒருமுறை சுற்றி வந்துவிட வேண்டும்.

அடுத்தது நேரம். ‘காலை 7 முதல் 11 வரை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. நேர் வீதியில் ஓடும் தேர், முனைக்கு வந்ததும் தயங்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்து, வடத்தை இடம் மாற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்புவார்கள். நாலு முனையிலும் இதே கதைதான். அதனால் ‘தேர் நிலைக்கு வந்து, மின் கம்பிகளைச் சரிசெய்து முடிக்கும் வரை’ என்று எழுதி, பக்கத்தில் உத்தேச நேரத்தைப் போடுவதே நேர்மை.

கம்பி என்றதும் இன்னொன்று. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேர் போகும் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது இதனால்தான். அந்த நேரத்தில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடாது என்பதையும் சேர்த்து எழுதினால், முதல் நாள் இரவே தொட்டி நிரம்பிவிடும்.

அடைப்புக்குள் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும்: காரை முந்தின இரவே எந்தத் தெருவில் நிறுத்துவது, ஆம்புலன்ஸ் எந்த முனை வழியாக வரும், அங்கே நிற்கும் சங்கப் பொறுப்பாளரின் கைபேசி எண் என்ன. இந்த வரியைத்தான் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.