கேள்வி நேரத்தில் சொன்ன பதில்

சாயப்பட்டறை நடத்துபவரின் மின்னஞ்சல் பெட்டியில், முன்பின் தெரியாத விற்பனையாளர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பல இப்போது ஒரே மாதிரி தொடங்குகின்றன: “கருத்தரங்கில் தாங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். மிகவும் அருமை. பல புதிய தகவல்களைத் தெரிந்துகொண்டேன்.” அடுத்த பத்தியில் சரக்கின் பெருமை, அதற்கடுத்து விலை. எழுதியவர் உரையைக் கேட்கவில்லை என்பது பேசியவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கேட்டிருந்தால் எந்த இடம் என்று சொல்லியிருப்பாரே.

ஒருவர் எழுதிய கட்டுரையையோ பேசிய உரையையோ குறிப்பிட்டுக் கடிதத்தைத் தொடங்குவது நல்ல முறைதான். ஆனால் அந்தத் தொடக்கம் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம்.

திருப்பூரில் நொய்யல் மாசு வழக்கில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, அதிலுள்ள உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துவது அங்கே தொழில் நடத்துவதற்கான நிபந்தனை ஆகிவிட்டது. ஒரு பட்டறையின் தொழில்நுட்ப மேலாளர், மீட்ட உப்புநீரைப் பற்றி 20 நிமிடம் பேசுகிறார், அதன் காணொளி யூடியூபில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையில் சிறிய நிறுவனம் ஒன்று அந்த உப்புநீரிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தை நீக்கும் வடிகலன்களைச் செய்கிறது. அதன் விற்பனைப் பொறியாளர் இந்த மேலாளருக்கு எழுத வேண்டும்.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை காணொளியை முழுதாகப் பார்ப்பது. முக்கியமாக, கடைசியில் வரும் கேள்வி நேரத்தை விட்டுவிடக் கூடாது. தயாரித்து வந்த பகுதியில் பேச்சாளர் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் பெரும்பாலும் சொல்வார். யாரோ எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கும்போதுதான் பட்டறையில் நிஜமாக நடந்தது வெளியே வரும். நம் மேலாளர் உரையில், மீட்ட உப்புநீர் கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களுக்குச் சரிவருகிறது, வெளிர் நிறங்களில் ஷேடு மங்குகிறது என்கிறார். கேள்வி நேரத்தில் ஒருவர் “சாஃப்ட்னர் வைக்கலையா?” என்று கேட்க, “வைத்தோம், கடினத்தன்மை இறங்கவில்லை. கடைசியில் வெளிர் நிற லாட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் புது உப்பில் ஓட்டுகிறோம்” என்று பதில் சொல்கிறார்.

இந்தப் பதில்தான் கடிதத்தின் தொடக்கம். ஏன் என்று புரிய, தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு நிறைய, வெளிர் நிறத்துக்குக் குறைவாக. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் சாயம் மங்கும், திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கறுப்பில் அது கண்ணுக்குப் படாமல் போகலாம், வெளிர் ரோஜாவில் பளிச்சென்று தெரியும். சாதாரண சாஃப்ட்னரில் உள்ள ரெசின் தேங்கிய கால்சியத்தை உதறுவதற்கே அதை உப்புநீரில்தான் கழுவுகிறோம். ஆகவே அடர்த்தியான உப்புநீரை அதன் வழியாக விட்டால் அது கால்சியத்தைப் பிடித்துவைக்காது. மேலாளரின் அனுபவத்துக்கு இதுதான் காரணம். காஸ்டிக் சோடா ஆலைகள் இதே சிக்கலுக்கு வேறு வகை ரெசினைப் பயன்படுத்துகின்றன.

இனி கடிதம். ஆங்கிலத்தில் எழுதினாலும் அமைப்பு இதுவே.

“பொருள்: மீட்ட உப்புநீரில் கடினத்தன்மை

வணக்கம் சார்,

சாஃப்ட்னர் வைத்தும் உப்புநீரின் கடினத்தன்மை இறங்கவில்லை என்று கேள்வி நேரத்தில் சொன்னீர்கள். வெளிர் நிற லாட்டுகளை மட்டும் பிரித்துப் புது உப்பில் ஓட்டுவதாகச் சொன்னது எனக்குப் புதிது. நான் பார்த்த பட்டறைகளில் மீட்ட உப்புநீரையே பாதியில் கைவிட்டார்கள்.

காஸ்டிக் சோடா ஆலைகளில் இதற்குக் கீலேட்டிங் ரெசின் வைக்கிறார்கள். அதைச் சாயப்பட்டறைக்கு ஏற்ற சிறிய கலனில் நாங்கள் செய்து தருகிறோம். உங்கள் உப்புநீரில் 5 லிட்டர் கொடுத்தால், எங்கள் ஆய்வகத்தில் ஓட்டி, முன்னும் பின்னும் கடினத்தன்மை எவ்வளவு என்று எழுதி அனுப்புகிறேன். மாதிரி எடுத்துவர ஆள் அனுப்பலாமா?”

இதில் ‘அருமை’, ‘சிறப்பு’ என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பேசியவருக்கு இதைவிட மரியாதை வேறு இல்லை என்று நினைக்கிறேன். தான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கி, தான் பார்த்த மற்ற பட்டறைகளோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார். ‘எனக்குப் புதிது’ என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். புதிது இல்லையென்றால் வேறெதையாவது தேட வேண்டும், அல்லது மாற்றுக் கருத்து இருந்தால் அதையே பணிவாகச் சொல்லலாம். ‘வெளிர் நிறம் மங்குவதற்குக் கடினத்தன்மை மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது’ என்று காரணத்தோடு ஒருவர் எழுதினால், அதைத் தொழில் தெரிந்தவர் பாராட்டைவிடக் கவனமாகப் படிப்பார்.

முதல் வரியில் தன் பெயர், நிறுவனம் எதுவும் வராததைக் கவனியுங்கள். கைப்பேசியில் ஜிமெயிலைத் திறந்தால், அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதற்குக் கீழே கடிதத்தின் முதல் சில சொற்கள் தெரியும். அந்தச் சிறு இடத்தில் ‘நான் இன்ன நிறுவனத்திலிருந்து எழுதுகிறேன்’ என்று இருந்தால் விரல் நகர்ந்துவிடும். பெயரும் நிறுவனமும் கையெழுத்தில் இருந்தால் போதும்.

கருத்து ஒட்டியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் பத்தியை நீக்கிவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். மேலே உள்ள கடிதத்தில் ‘இதற்கு’ என்ற சொல் அந்தரத்தில் நிற்கும், எதற்காக மாதிரி கேட்கிறார் என்றே புரியாது. அப்படியென்றால் கருத்தும் வேண்டுகோளும் ஒரே பொருளைப் பேசுகின்றன. நீக்கிய பிறகும் கடிதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடினால், கருத்து வெறும் தோரணம். மேலாளர் தன் சிறுவயதைப் பற்றிச் சொன்னதைப் புகழ்ந்துவிட்டு ரெசினுக்குத் தாவும் கடிதங்கள் இந்த வகை.

தவறுவதற்கும் இடங்கள் உண்டு. மேடையில் நான்கு பேர் இருந்தால், பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதை இவர் சொன்னதாக எழுதிவிடுவது எளிது. காணொளியில் தானாக ஓடும் எழுத்துகளில் எண்கள் பிசகும், ஆகவே எண்ணைக் காதால் கேட்ட பிறகே எழுத வேண்டும். உரை நான்கைந்து ஆண்டு பழையது என்றால் பட்டறையில் எல்லாம் மாறியிருக்கலாம். ‘அப்போது சொன்னீர்கள், இப்போதும் அப்படித்தானா?’ என்று கேட்பதே நேர்மை. கேட்டும் சொல்ல எதுவும் தோன்றாத உரைகளும் இருக்கும். அங்கே உரையைக் குறிப்பிடாமல், நேராக ‘இன்ன காரணத்துக்காக எழுதுகிறேன்’ என்று தொடங்குவது மேல்.

இப்படி ஒரு கடிதத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் ஐந்தாறு எழுதலாம், ஐநூறு முடியாது. ஐநூறு பேருக்கு ஒரே பாராட்டை அனுப்புவதற்கு வேறொரு விலையும் உண்டு. கூகுள் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாக அனுப்புபவர்கள் மீதான ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர் எரிச்சலில் ஒரு பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். பிறகு நல்ல கடிதங்களும் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து அதே கடிதத்தின் கீழே இரண்டு வரி நினைவூட்டல் போதும், புதிதாக இன்னொரு பாராட்டு வேண்டாம். பதில் வந்தால் பெரும்பாலும் அது சரக்கைப் பற்றி இருக்காது. ‘நீங்கள் பார்த்த பட்டறைகளில் கடினத்தன்மை எவ்வளவு இருந்தது?’ என்றுதான் மேலாளர் கேட்பார். அதற்கான எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பொறியாளர் முதல் கடிதத்தையே அனுப்ப வேண்டும்.