11982-ஆம் ஆட்டம்

விண்டோஸ் 95 கணினிகளோடு வந்த ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லாவற்றையும் ஜெயிக்க முடியுமா என்று பார்க்க, 1994-இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆள் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு ஆடினார்கள். கடைசிவரை யாருக்கும் பிடிபடாதது ஒன்றே ஒன்று: 11982. அதற்குத் தீர்வே இல்லை என்பதைப் பின்னர் கணினி நிரல்களும் உறுதிசெய்தன. முதல் பத்து லட்சம் ஆட்டங்களை அலசியபோதும் ஜெயிக்க முடியாதவை எட்டுதான் தேறின.

இவ்வளவு தாராளம் எப்படி? மற்ற சாலிடேர் ஆட்டங்கள் பலவற்றில் பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். பால் ஆல்ஃபில் 1978-இல் அமெரிக்காவின் பிளேட்டோ கணினியில் எழுதிய ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் தொடக்கத்திலேயே எட்டு வரிசைகளில் முகம் காட்டிக் கிடக்கும். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையில்லை. போதாததற்கு, எந்தச் சீட்டையும் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க நான்கு காலிக் கட்டங்கள். 11982-இல் சிக்கல் எங்கே என்றால், மூன்று ஏஸ்கள் தத்தம் வரிசையின் அடியில், ஆறு ஆறு சீட்டுகளுக்குக் கீழே புதைந்திருக்கின்றன.

ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும்போது கை நீளும் முன் கண் தேட வேண்டியது ஏஸ்களையும் இரண்டுகளையும்தான். ஒரு வரிசையில் ஸ்பேட் ஏஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஹார்ட்டின் ராஜா, கிளாவர் 4, கடைசியில் ஹார்ட்டின் 8. அவசரக்காரர் மூன்றையும் கட்டங்களில் போட்டு ஏஸை எடுத்துவிடுவார். மிஞ்சுவது ஒரே கட்டம். அடுத்த சில நகர்த்தல்களில் ஆட்டம் முட்டி நிற்கும்.

நிதானமாகப் பார்த்தால் வேறு வழி தெரியும். இன்னொரு வரிசை ஸ்பேட் 9-இல் முடிகிறது; அதன்மேல் சிவப்பு 8 உட்காரும். மற்றொன்றின் நுனியில் டைமண்ட் 5. அதன்மேல் கறுப்பு 4 போகும். ராஜாவுக்கு மட்டும் ஒரு கட்டம் போதும். ஆனால் அந்த ஸ்பேட் 9-க்கு அடியில் ஸ்பேட் 2 இருந்தால்? அடுத்து வேண்டிய சீட்டையே நாம் மூடிவிடுகிறோம். அப்போது 8-ஐக் கட்டத்தில் வைப்பதே மேல். ஒரு நகர்த்தல் எதைத் திறக்கிறது என்பதோடு எதைப் புதைக்கிறது என்றும் கேட்பதுதான் இந்த ஆட்டத்தின் திட்டமிடல்.

கட்டங்களை நிரப்பத் தயங்குவதற்குக் கணக்கும் காரணம். அடுக்காகச் சேர்ந்த சீட்டுகளை நகர்த்தும்போது, உண்மையில் அவை ஒவ்வொன்றாகத்தான் கட்டங்கள் வழியாகப் போகின்றன. நான்கு கட்டமும் காலியென்றால் ஐந்து சீட்டு நகரும். இரண்டு காலியென்றால் மூன்று. ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தால் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும்: இரண்டு கட்டமும் ஒரு காலி வரிசையும் சேர்ந்து ஆறு சீட்டை நகர்த்தும். அந்தக் காலி வரிசைக்கே அடுக்கைக் கொண்டுபோனால் மட்டும் மூன்றுதான். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் காலி வரிசை கிடைத்த உடனே அதில் ராஜாவைக் கொண்டுபோய் உட்காரவைப்பதில்லை. ராணி, ஜாக்கி என்று அடுத்து வரும் சீட்டுகள் தயாராக இருந்தால் மட்டுமே இடம் தருகிறார்கள்.